ஸ்டெப்டில் நன்றாக இருந்த குடம் ஷாட், ஸ்ப்லைன் போட்டதும் மிதக்கிறது

வடபழனி_வாண்டு

எல்லாருக்கும் வணக்கம். இன்ஸ்டிட்யூட்டில் கடைசி டெர்ம். டெமோ ரீலுக்காக 72 ஃபிரேம் ஷாட் ஒன்று மாயாவில் செய்கிறேன், 24 எஃப்பிஎஸ். மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறார். அவ்வளவுதான் ஷாட்.

பிளாக்கிங்கில் ஆறு போஸ். 1-ல் நிற்கிறார், 13-ல் குனிந்து குடத்தைப் பிடிக்கிறார், 25-ல் முட்டியை மடக்கி அமுங்குகிறார், 37-ல் குடம் தொடை மேல், 49-ல் இடுப்பில், 61-ல் நிமிர்ந்து செட்டில். ஸ்டெப்டில் ஓட்டிக் காட்டியபோது வகுப்பில் எல்லாரும் வெயிட் தெரிகிறது என்றார்கள். எல்லா கண்ட்ரோலையும் செலக்ட் செய்து ஸ்ப்லைனுக்கு மாற்றினேன். அக்கா நிலாவில் தண்ணீர் பிடிப்பது மாதிரி ஆகிவிட்டது. குடம் பலூன் போல எழுந்திருக்கிறது. கை தூக்குவதற்கு முன்னாலேயே தரையை விட்டுக் கிளம்புகிறது. எங்கே தப்பு?

கர்வ்_காதலன்

ப்ரோ, சிம்பிள். ஸ்ப்லைன் டேஞ்சென்ட் போட்டால் இப்படித்தான். இரண்டு கீக்கு நடுவில் கர்வ் மேலேயும் கீழேயும் வழிந்து ஓடும். எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஆட்டோ டேஞ்சென்ட்டோ பிளேட்டோவோ போடு. வழிவது நின்றுவிடும், மிதப்பதும் போய்விடும். இதற்கு ஒரு இழை தேவையே இல்லை.

கிண்டி_லைட்டிங்

நான் அனிமேஷன் ஆள் இல்லை, லைட்டிங். மோஷன் பிளர் போடாமல் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் விநோதமாகத்தான் தெரியும். ரெண்டரில் ஷட்டர் 180 டிகிரி வைத்துப் பாருங்கள். அப்புறம் பிளேபேக் ஸ்பீடு 24-ல்தான் ஓடுகிறதா, எல்லா ஃபிரேமையும் காட்டும் செட்டிங்கில் மெதுவாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

வடபழனி_வாண்டு

@கர்வ்_காதலன் ஆட்டோ போட்டுப் பார்த்தேன் அண்ணா. கால் தரையில் வழுக்குவது நின்றுவிட்டது. ஆனால் மிதப்பது அப்படியே இருக்கிறது.

@கிண்டி_லைட்டிங் பிளேபிளாஸ்ட் எடுத்துத்தான் பார்க்கிறேன், 24-ல்தான் ஓடுகிறது. ரெண்டர் வரைக்கும் இன்னும் போகவில்லை சார்.

தரமணி_அக்கா

கர்வ்_காதலன் சொன்னதில் பாதி சரி. இரண்டு கீயில் ஒரே மதிப்பு இருந்தும் நடுவில் கர்வ் புடைத்துக்கொண்டு போகும், அதனால்தான் பாதம் வழுக்கியது. அதை ஆட்டோ சரி செய்யும். மிதப்பதற்குக் காரணம் டேஞ்சென்ட் வகை இல்லை, டைமிங். இன்னும் சொன்னால், டைமிங்கை நீ இன்னும் போடவே இல்லை.

உன் ஸ்டெப்டில் என்ன நடக்கிறது பார். 13-ல் பிடிக்கிறார். 24 வரை அசையாமல் நிற்கிறார். 25-ல் ஒரே ஃபிரேமில் அடுத்த போஸ். பன்னிரண்டு ஃபிரேம் ஹோல்ட், சட்டென்று ஒரு தாவல். உன் கண்ணுக்கு அது அழுத்தமாகத் தெரிகிறது, வகுப்பில் கை தட்டுகிறார்கள். ஆனால் ஃபைலில் "இங்கே ஹோல்ட், இங்கே நகர்வு" என்று எங்கேயும் எழுதவில்லை. ஆறு கீ மட்டும்தான் இருக்கிறது. ஸ்ப்லைனுக்கு மாற்றியதும் மாயா 13-லிருந்து 25 வரை முழுவதையும் நகர்வாக எடுத்துக்கொள்கிறது. ஹோல்ட் காணாமல் போகிறது. நீ ரசித்து வைத்த போஸ் திரையில் ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கிறது, அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார் அந்த அக்கா.

அதற்கு மேல், ஆட்டோவில் உச்சத்தில் இருக்கும் ஒவ்வொரு கீயும் தட்டையாகும். அதாவது மெதுவாகக் கிளம்பி மெதுவாக வந்து சேரும். 12 ஃபிரேம் இடைவெளியில் மூன்றாவது ஃபிரேம் வரும்போது 16 சதவீதம்கூட முழுசாகக் கடந்திருக்காது. நடுவில் வேகம் அதிகபட்சம் ஃபிரேமுக்குப் பன்னிரண்டரை சதவீதம். ஸ்டெப்டில் அதே தூரத்தை ஒரே ஃபிரேமில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிதப்பதாகத்தான் தெரியும். எல்லா இடைவெளியும் சமமாக 12 என்பதால் தாலாட்டு மாதிரி வேறு ஆகிவிடுகிறது.

ஸ்டெப்டுக்கே திரும்பிப் போ. ஒவ்வொரு போஸிலும் ஹோல்ட் எங்கே முடிகிறது என்று முடிவு செய்து, அந்த ஃபிரேமில் போஸைக் காப்பி செய்து இன்னொரு கீ வை. உன் ஷாட்டில் நானாக இருந்தால்:

1-லிருந்து 5 வரை நிற்கட்டும். 5-லிருந்து 13-க்குள் குனிந்துவிட வேண்டும். 13-ல் பிடித்து 20 வரை அங்கேயே. 20-லிருந்து 24-க்குள் அமுங்கு, நாலே ஃபிரேம். 24-லிருந்து 32-க்குள் குடம் தொடைக்கு வரும். 37 வரை தொடையில் இளைப்பாறி, பிடியை மாற்றிக்கொண்டு, 37-லிருந்து 41-க்குள் இடுப்புக்கு வீசிவிட வேண்டும். 43-ல் உடம்பு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து 50-க்குள் செட்டில். மீதி 72 வரை நிற்பதுதான்.

மொத்த ஷாட்டிலும் பெரிய நகர்வு என்று பார்த்தால் 24 ஃபிரேம்தான். இப்போது உன்னிடம் 60 ஃபிரேம் நகர்வு இருக்கிறது.

கையால_வரைஞ்சவர்

அம்மா தரமணி, நன்றாகச் சொன்னாய். நாங்கள் லைட் பாக்ஸ் காலத்தில் கீ டிராயிங்கின் ஓரத்திலேயே டைமிங் சார்ட் போட்டுக் கொடுப்போம். எந்த இன்பிட்வீன் எந்தக் கீக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று கோடு கிழித்திருக்கும். சார்ட் இல்லாமல் கொடுத்தால் இன்பிட்வீனர் எல்லாவற்றையும் சரிபாதியில் வரைந்து வைப்பார். கம்ப்யூட்டரும் அந்த இன்பிட்வீனர்தான் தம்பி, அதைவிடச் சோம்பேறி.

ஆனால் ஹோல்டைக் காப்பி செய்தால் மட்டும் போதாது. பிரேக்டவுன் வேண்டும். 24-க்கும் 32-க்கும் நடுவில் என்ன போஸ்? நீ வைக்காவிட்டால் கம்ப்யூட்டர் சரிபாதி வைக்கும். இடுப்பு பாதி, முதுகு பாதி, கை பாதி, குடம் பாதி. எந்த மனுஷியும் அப்படித் தூக்குவதில்லை. உன் தெருவில் லாரி வரும்போது நின்று பார். முதலில் இடுப்பு மேலே வரும். கை கயிறு மாதிரி நீளும். குடம் அப்போதும் தரையில்தான் இருக்கும். அப்புறம்தான் கிளம்பும்.

நான் என் பசங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஸ்டெப்டிலேயே இரண்டு ஃபிரேமுக்கு ஒரு போஸ் வரை இறங்கிவிடு. அதற்கப்புறம் ஸ்ப்லைன் போட்டால் கம்ப்யூட்டர் கெடுப்பதற்கு இடமே இருக்காது.

தரமணி_அக்கா

சார், பிரேக்டவுன் பற்றி முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இரண்டுக்கு ஒரு போஸ் என்பதில் இல்லை. 60, 70 கண்ட்ரோல் உள்ள ரிக்கில் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் கீ வைத்தால், "குடம் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்" என்று டெய்லீஸில் ஒரு நோட் வரும்போது அந்தக் கர்வைத் தொட முடியாது. மூன்று நாள் டெட்லைனில் அது தற்கொலை. நகர்வு இருக்கும் இடத்தில் மூன்று நாலு ஃபிரேமுக்கு ஒன்று, ஹோல்டில் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. எனக்கு அது போதும்.

கையால_வரைஞ்சவர்

டெட்லைனுக்கு வேலை செய்பவருக்கு நீ சொல்வது சரி. இவன் படிக்கிற பையன். எல்லா ஃபிரேமையும் ஒருமுறை தன் கையால் முடிவு செய்து பார்க்கட்டுமே. கர்வ் அழகாக இருந்து என்ன, திரையில் தெரியப்போவது போஸ்தானே?

தரமணி_அக்கா

படிக்கும்போதே கர்வ் சுத்தமாக வைக்கப் பழகாவிட்டால் வேலைக்கு வந்த முதல் மாதமே அழுவான் சார். போன வருஷமும் இதே சண்டை இங்கே நடந்தது என்று நினைக்கிறேன். 🙂

வாண்டு, சார் சொன்ன அந்தக் குடம் விஷயத்தைப் பிடித்துக்கொள். 24-ல் இடுப்பு கிளம்பட்டும். குடத்தின் `translateY` 27 வரை பூஜ்யத்திலேயே இருக்க வேண்டும், அங்கே ஒரு கீ வை. அந்த மூன்று ஃபிரேமில் முழங்கை நேராகிறது, தோள்பட்டை கீழே இழுபடுகிறது, தலை கொஞ்சம் முன்னால் போகிறது. அந்த மூன்று ஃபிரேம்தான் குடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறது. உடம்பும் குடமும் ஒரே ஃபிரேமில் கிளம்பினால் அது காலிக்குடம், எவ்வளவு நன்றாகப் போஸ் வைத்திருந்தாலும்.

பிரேக்டவுன் போஸை 28-ல் வை, 24-க்கும் 32-க்கும் சரிபாதி அந்த ஃபிரேம். ஆனால் போஸ் சரிபாதி இல்லை. இடுப்பு 32-ன் உயரத்தில் முக்கால்வாசி வந்திருக்க வேண்டும், குடம் இப்போதுதான் தரையை விட்டிருக்க வேண்டும்.

கை தூக்கும் முன்பே குடம் கிளம்புகிறது என்றாயே, அது வேறு கதை. குடத்தைக் கையோடு பேரன்ட் கன்ஸ்ட்ரெயின்ட் செய்திருக்கிறாயா? அதற்கு முன்பே குடத்துக்குக் கீ இருந்ததா?

வடபழனி_வாண்டு

ஆமாம் அக்கா. குடத்துக்கு முதலில் கீ வைத்திருந்தேன், அப்புறம்தான் கன்ஸ்ட்ரெயின்ட். சேனல் பாக்ஸில் `blendParent1` என்று ஒன்று வந்தது. அதற்கு 13-ல் 0, 25-ல் 1 என்று கீ இருக்கிறது.

தரமணி_அக்கா

அதேதான். எல்லாவற்றையும் செலக்ட் செய்து ஸ்ப்லைன் போட்டபோது அதுவும் சேர்ந்து மாறிவிட்டது. 0-லிருந்து 1-க்குப் பன்னிரண்டு ஃபிரேமில் மெதுவாக ஏறுகிறது. 19-ல் குடம் பாதி தரைக்கும் பாதி கைக்கும் சொந்தம். நிஜமாகவே மிதக்கிறது, உன் கண்ணில் பிழை இல்லை. ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் எதையும், அதாவது கன்ஸ்ட்ரெயின்ட் பிளென்ட், ஐகே எஃப்கே, விசிபிலிட்டி எல்லாவற்றையும் ஸ்டெப்டிலேயே விட வேண்டும். உன் கண்ட்ரோல் பெயர் என்னவோ அதைப் போட்டு ஓட்டு:

```
keyTangent -animation objects -t ":" -at "blendParent1" -ott step kudam_ctrl;
```

0-லிருந்து 1-க்கு மாறும் கீயையும் 25-லிருந்து 27-க்குத் தள்ளு. மாறும் ஃபிரேமில் குடம் ஒரு நூல்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் ஆஃப்செட் தப்பாக இருக்கிறது.

பஸ்_ஸ்டாப்_பாய்

இழைக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஷாட் வேறு. எம்டிசி பஸ் படிக்கட்டிலிருந்து ஒருவன் குதிக்கிறான். பிளெண்டர். கான்ஸ்டன்ட்டில் செய்து பெஸியருக்கு மாற்றினேன். ஹோல்ட் எல்லாம் காப்பி போட்டாகிவிட்டது. ஆனாலும் தரைக்கு வரும்போது பஞ்சு மேல் இறங்குவது போல வருகிறான். பாதத்தில் கர்வை உடைத்து கூராக்கச் சொன்னார்கள். இடுப்பையும் சேர்த்துக் கூராக்கினேன். இப்போது ரோபோ மாதிரி டொக்கென்று நிற்கிறான்.

தரமணி_அக்கா

படி உயரம் எவ்வளவு, எத்தனை ஃபிரேமில் விழுகிறான்?

பஸ்_ஸ்டாப்_பாய்

சுமார் 30 சென்டிமீட்டர். 10 ஃபிரேம்.

தரமணி_அக்கா

முதல் தப்பு அதுதான். 30 சென்டிமீட்டர் விழ கால் செகண்டுதான் ஆகும், 24-ல் 6 ஃபிரேம். மேலே எம்பிக் குதிக்காமல் அப்படியே இறங்கினால் 6-க்கு மேல் போகவே கூடாது. அந்த 6-க்குள்ளும் சமமாக விழ மாட்டான். முதல் ஃபிரேமில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, கடைசி ஃபிரேமில் ஒன்பதுக்கும் மேல். உன் பெஸியர் கடைசி ஃபிரேமில் என்ன செய்கிறது? கீழே உள்ள கீ தட்டையாக இருப்பதால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. தரைக்குப் பக்கத்தில்தான் அதிக வேகம் இருக்க வேண்டும், அங்கே போய் பிரேக் போடுகிறது. பஞ்சு அதனால்தான்.

பாதத்தைக் கூராக்கியது சரி, தரை பாதத்தைத்தான் நிறுத்துகிறது. இடுப்பை யார் நிறுத்துகிறார்கள்? முட்டிதான். பாதம் தொட்ட ஃபிரேமில் இடுப்பு அதே வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்க வேண்டும். அடுத்த நாலைந்து ஃபிரேமில் முட்டி மடங்க மடங்க வேகம் குறையும். இடுப்பின் அடிமட்டக் கீ பாதம் தொடும் ஃபிரேமில் வரக் கூடாது, அதற்கு நாலு ஃபிரேம் தள்ளி வர வேண்டும். அங்கே கர்வ் உருண்டையாகவே இருக்கட்டும்.

கர்வ்_காதலன்

சரி, டைமிங்தான் முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு வேலை என்றால் ஸ்டெப்டு எதற்கு? நான் முதல் கீயிலிருந்தே ஆட்டோவில்தான் போகிறேன். மிதப்பது அப்போதே தெரிந்துவிடும், அப்போதே சரி செய்கிறேன். மாற்றுவது என்ற கட்டமே கிடையாது.

தரமணி_அக்கா

தனியாகச் செய்தால் தாராளமாகச் செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். என் லீடுக்கு முதல் ரவுண்டில் ஸ்டெப்டுதான் வேண்டும். ஆட்டோவில் காட்டினால் போஸைப் பார்க்காமல் நடுவில் இருக்கும் குப்பையைப் பற்றி நோட் கொடுப்பார். இன்னொரு டீமில் நேர்மாறாக, ஸ்டெப்டை அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்று கேள்வி.

வடபழனி_வாண்டு

ஹோல்ட், பிரேக்டவுன், `blendParent1` எல்லாம் செய்துவிட்டேன். நம்பவே முடியவில்லை, குடம் கனக்கிறது! ஆனால் இரண்டு சந்தேகம். 13-லிருந்து 20 வரை அக்கா சிலை மாதிரி உறைந்துவிடுகிறார். அப்புறம், மொபைலில் எடுத்த ரெஃபரன்ஸோடு வைத்துப் பார்த்தால் அதில் அம்மா இன்னும் மெதுவாகத் தூக்குகிறார். நான் இப்போது வேகமாக வைத்துவிட்டேனா?

கிண்டி_லைட்டிங்

மொபைல் வீடியோ எத்தனை எஃப்பிஎஸ்? பெரும்பாலும் 30 இருக்கும். அதை இமேஜ் சீக்வென்ஸாக மாற்றி மாயாவில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று போட்டிருந்தால், 30-ல் எடுத்தது 24-ல் ஓடும். 4 செகண்டு வீடியோ 5 செகண்டு ஆகிவிடும். லைட்டிங் ஆள் என்று என்னை ஓரங்கட்டாதீர்கள்.

வடபழனி_வாண்டு

சார்!! 30-தான். பிளாக்கிங்கே அந்த ஸ்லோவான சீக்வென்ஸைப் பார்த்துத்தான் போட்டேன்.

கையால_வரைஞ்சவர்

நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று பார் என்றேன், இவன் மொபைலை நீட்டியிருக்கிறான். சரி, 24-க்கு மாற்றிவிட்டுத் திரும்பப் பார் தம்பி. அந்த அம்மா குடத்தை முதலில் தொடையில் முட்டுக்கொடுக்கிறார் பார், அந்த ஃபிரேமில் குதிகால் எழும்புகிறதா என்று கவனி. உன் பிளாக்கிங்கில் அது இல்லை.

தரமணி_அக்கா

சிலை ஆவதற்குக் காரணம், 13-ம் 20-ம் அச்சு அசலாக ஒரே போஸ். ஆட்டோவில் நடுவில் ஒன்றுமே நகராது. 20-ல் இருக்கும் காப்பியைக் கொஞ்சம் மாற்று. வெறுமனே எல்லாவற்றையும் சதவீதத்தில் தள்ளாதே, அந்த ஏழு ஃபிரேமில் அவர் என்ன செய்கிறார் என்று யோசி. பிடியை இறுக்குகிறார், மூச்சு இழுக்கிறார், எடையை இடது காலுக்கு மாற்றுகிறார். இடுப்பு ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில், தோள் ஓரிரு டிகிரி. கையும் பாதமும் அசையவே கூடாது. பார்ப்பவருக்கு நகர்கிறது என்று தெரியாமல், உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளினால் மறுபடி மிதக்க ஆரம்பிக்கும்.

இனிமேல் மாற்றும்போது மொத்தமாக மாற்றாதே. முதலில் ரூட் மட்டும் ஸ்ப்லைன், கையும் காலும் மறைத்துவிட்டுப் பார். இடுப்பு ஒரு உருண்டை மட்டும் போகிறது என்று நினைத்து, அதில் எடை தெரிகிறதா பார். அது சரியான பிறகு முதுகு, அப்புறம் தலை, கை. தலையையும் மணிக்கட்டையும் கடைசியில் ஓரிரு ஃபிரேம் பின்னால் தள்ளலாம். எல்லாவற்றையும் தள்ளிவிடாதே. எல்லாம் வெவ்வேறு ஃபிரேமில் வந்து சேர்ந்தால் ஒரு போஸும் பதியாது, கூழ் ஆகிவிடும். குடத்தைப் பிடித்திருக்கும் மணிக்கட்டைத் தொடவே தொடாதே.

கர்வ்_காதலன்

தலை முன்னால் போய் உடம்பு பின்னால் வருவதுதான் சரி என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். கண், தலை, உடம்பு என்ற வரிசையில். நீங்கள் தலையைப் பின்னால் தள்ளச் சொல்கிறீர்களே?

தரமணி_அக்கா

அவர் எதையாவது பார்த்துத் திரும்பினால் தலைதான் முதலில். இங்கே இடுப்புதான் வண்டியை இழுக்கிறது, தலை பின்னால் வருகிறது. 61-க்குப் பிறகு லாரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாரென்றால் அங்கே தலை முன்னால் போகட்டும்.

வடபழனி_வாண்டு

ரெஃபரன்ஸை 24-க்கு மாற்றினேன். அக்கா சொன்ன எண்களுக்குப் பக்கத்தில்தான் வருகிறது, தொடையில் வைக்கும் இடம் மட்டும் இரண்டு ஃபிரேம் முன்னால். குதிகாலும் எழும்புகிறது சார், கவனிக்கவே இல்லை. ரூட்டை மட்டும் மாற்றி, அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன்.

இப்போது புதுசாக ஒன்று. 30-ல் இடது முட்டி ஒரே ஃபிரேமில் டக்கென்று நேராகி, அடுத்த ஃபிரேமில் திரும்ப மடங்குகிறது. ஸ்டெப்டில் இது இல்லை.

பஸ்_ஸ்டாப்_பாய்

எனக்கும் அதே! 6 ஃபிரேம் வேலை செய்தது அக்கா, நன்றி. ஆனால் எழுந்திருக்கும்போது முட்டி துள்ளுகிறது.

தரமணி_அக்கா

ஐகே கால். 28-க்கும் 32-க்கும் நடுவில் இடுப்பு கர்வ் நீ நினைத்ததைவிடக் கொஞ்சம் மேலே போகிறது, கால் நீளம் தீர்ந்துவிடுகிறது. ஸ்டெப்டில் 30 என்ற ஃபிரேமே கிடையாது, அதனால் தெரியவில்லை. 30-ல் இடுப்பை எவ்வளவு இறக்கினால் முட்டி கொஞ்சம் மடங்குகிறது என்று பார். அந்த அளவுக்குக் கீழே கர்வ் போகும்படி 32-ன் டேஞ்சென்ட்டை இழு. 30-ல் புதுக் கீ வைக்காமல் முடிந்தால் நல்லது. ரிக்கில் சாஃப்ட் ஐகே இருந்தால் அதையும் கொஞ்சம் ஏற்றலாம். இருக்கிறதா?

வடபழனி_வாண்டு

ஃப்ரீ ரிக் அக்கா. ஸ்ட்ரெச் என்று ஒன்று இருக்கிறது, சாஃப்ட் ஐகே இல்லை.

கையால_வரைஞ்சவர்

ஸ்ட்ரெச்சைத் தொடாதே. குதிகால்தான் எழும்புகிறது என்றாயே, அதை 30-க்கு முன்னாலேயே எழுப்பு. கால் நீளம் கிடைத்துவிடும்.

தரமணி_அக்கா

அது என்னுடையதைவிட நல்ல வழி. முதலில் அதைச் செய், செய்துவிட்டு பிளேபிளாஸ்ட்டை இங்கே போடு. நாளைக்கு டெய்லீஸ் முடிந்ததும் பார்க்கிறேன்.